3 மைக்ரான் துளை 9 மைக்ரானா ஆயிடுச்சு. ஈர எட்சா, பிளாஸ்மாவா?

கீர்த்தனா_தஞ்சை

எல்லாருக்கும் வணக்கம். எம்.டெக். கடைசி வருஷம், தஞ்சாவூர் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு சிலிக்கான் டையோடு செய்கிறேன். எங்கள் காலேஜில் க்ளீன்ரூம் இல்லாததால் வெளியூர் லேப் ஒன்றில் பத்து நாள் இடம் கேட்டு வாங்கிப் போனேன்.

சிலிக்கான் வேஃபர் மேலே 0.8 மைக்ரான் ஆக்சைடு, அதாவது மின்சாரம் கடத்தாத சிலிக்கான் டை ஆக்சைடு படலம். அதில் உலோகம் இறங்க 3 மைக்ரான் சதுரத் துளைகள் திறக்க வேண்டும். ஒரு துளைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 4 மைக்ரான் இடைவெளி. ரெசிஸ்ட் என்கிற காப்புப் படலத்தைப் பூசி, மாஸ்க் வைத்து, டெவலப் செய்தபோது மைக்ராஸ்கோப்பில் 3 மைக்ரான் அச்சு அசலாக இருந்தது, போட்டோவும் எடுத்தேன். பிறகு பி.ஓ.ஈ. என்கிற, ஆக்சைடைக் கரைக்கும் அமிலக் கரைசலில் 10 நிமிஷம். நிமிஷத்துக்கு 100 நானோமீட்டர் கரையும் என்று படித்திருந்தேன். 0.8-க்கு 8 நிமிஷம், கால் பங்கு கூடுதல், அப்படித்தான் 10.

எடுத்துப் பார்த்தால் துளைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிட்டன! நடுவில் இருக்க வேண்டிய ஆக்சைடே இல்லை. ரெசிஸ்ட் மட்டும் அதே 3 மைக்ரான் ஓட்டையோடு மேலே நின்றது. அடியில் சிலிக்கான் பளிங்கு மாதிரி சுத்தம்.

மாஸ்க் சரி, ரெசிஸ்ட் சரி. பிறகு தப்பு எங்கே? இப்படித் திரவத்தில் அரிக்கும் ஈர எட்சை விட்டு, வாயுவால் அரிக்கும் பிளாஸ்மாவுக்கு மாறிவிடலாமா? இன்னும் இரண்டு வேஃபர்தான் மிச்சம்.

---

குடந்தை_சர்க்யூட்

தங்கச்சி, நான் கும்பகோணத்தில் பதினாலு வருஷமா சர்க்யூட் போர்டு போட்டுக் கொடுக்கிறேன். இதே கதைதான் எங்களுக்கும். 35 மைக்ரான் செம்பு போர்டில் மெல்லிசு கோடு வரைஞ்சு ஃபெரிக் குளோரைடில் போட்டா, மேலே மை அகலமா இருக்கும், அடியில் செம்பு அரிச்சுப் போய் கோடு நூலாயிடும். தொட்டியில் ஒரு நிமிஷம் மறந்தா கோடு அறுந்தே போயிடும். நான் 18 மைக்ரான் செம்புக்கு மாறினப்புறம் தொந்தரவு பாதியாச்சு. படலம் மெலிசா இருந்தா பக்கவாட்டு அரிப்பும் கம்மி. உங்க ஆக்சைடையும் மெலிசா போடச் சொல்லுங்க.

ஒரு கேள்வி. இந்த பி.ஓ.ஈ. சின்ன அளவில் எங்கே கிடைக்கும்? கடையிலேயே ஒரு முயற்சி செஞ்சு பார்க்க ஆசை.

---

மன்னை_பிரபு

ஈர எட்ச் என்றாலே எல்லாப் பக்கமும் தின்னும். பிளாஸ்மா நேராக இறங்கும். 5 மைக்ரானுக்குக் கீழே போனால் பிளாஸ்மாதான், யோசிக்கவே வேண்டாம். அயனிகள் மேலிருந்து மணல் வீசுகிற மாதிரி இடித்துப் பெயர்ப்பதால்தான் சுவர் செங்குத்தாக வருகிறது. கல்லூரியில் பாடம் எடுக்கும்போது இப்படித்தான் சொல்வேன். மிச்ச இரண்டு வேஃபரையும் ஆர்.ஐ.ஈ. என்ற பிளாஸ்மா மெஷினில் போடுங்கள், முடிந்தது வேலை.

---

வெண்ணாற்றங்கரை

கீர்த்தனா, அவசரப்பட்டு எதிலும் போடாதீங்க. முதல்ல ஒண்ணு சொல்லுங்க: அந்த ஆக்சைடு எப்படி வந்தது? ஃபர்னஸில் 1000 டிகிரியில் வளர்த்ததா, இல்லை பி.ஈ.சி.வி.டி.-யில் 300 டிகிரி வாக்கில் படிய வச்சதா?

குடந்தை அண்ணே, உங்க கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். தயவுசெய்து வேண்டாம். அதுக்குள்ள இருக்கறது HF, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கையில் பட்டா உடனே எரியாது, அதுதான் அதன் கொடுமை. வலி தெரியறப்போ தோலுக்கு அடியில் போய் உடம்பின் கால்சியத்தைப் பிடிச்சிருக்கும். பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. கண்ணாடிப் பாத்திரத்தில் ஊத்தினா பாத்திரத்தையே தின்னும். நான் சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் எட்ச் பகுதியில் வேலை பார்த்தவன், ஒருத்தர் விரல் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கேன். உங்க வேலைக்கு ஃபெரிக் குளோரைடே போதும்.

---

குடந்தை_சர்க்யூட்

சரி தம்பி, விட்டுட்டேன். சொன்னதுக்கு நன்றி.

---

கீர்த்தனா_தஞ்சை

சார், பி.ஈ.சி.வி.டி. தான். லேபில் கொடுத்த சீட்டில் "ஆக்சைடு 800" என்று மட்டும் இருந்தது. இன்று போனில் கேட்டேன், 300 டிகிரியில் படிய வைத்தது என்றார்கள்.

---

வெண்ணாற்றங்கரை

அப்போ பாதிக் கதை அங்கேயே இருக்கு.

நீங்க படிச்ச 100 நானோமீட்டர் கணக்கு ஃபர்னஸில் வளர்ந்த ஆக்சைடுக்கு. அது சிலிக்கானிலிருந்தே அடர்த்தியா முளைச்சு வர்றது. 300 டிகிரியில் வாயுவிலிருந்து படிய வச்சது அப்படி இல்லை. உள்ளே ஹைட்ரஜன் மாட்டியிருக்கும், அடுக்கு தளர்வா இருக்கும். மிதிச்சுக் கெட்டிப்பட்ட வரப்புக்கும் நேத்து வெட்டிப் போட்ட மண்ணுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்குங்க. பேர் ரெண்டுக்கும் ஆக்சைடுதான். ஆனா அதே பி.ஓ.ஈ.-யில் இது ரெண்டு மூணு மடங்கு வேகமா கரையும், மெஷினைப் பொறுத்து அதுக்கு மேலேயும் போகும்.

ஒரு துண்டு வேஃபர் மிச்சம் இருந்தா பாதியை டேப் ஒட்டி மறைச்சு, லேப் ஆளை விட்டு சரியா 30 செகண்ட் முக்கச் சொல்லி, படியின் உயரத்தை அளந்து சொல்லுங்க.

அடுத்த பாதி, நீங்க கவனிச்சிருக்கவே முடியாத விஷயம். பி.ஓ.ஈ. சிலிக்கானைத் தொடாது. ஆக்சைடு தீர்ந்து அடி தட்டினதும் கீழே போக வழி இல்லை. ஆனா திரவம் அங்கேயேதான் நிக்குது, பக்கச் சுவரும் ஆக்சைடுதான். அதனால மிச்ச நேரம் முழுக்க பக்கவாட்டில் தின்னுக்கிட்டே போகும். மேலேயிருந்து பார்த்தா அடி சுத்தமா, அழகா தெரியும். எத்தனை நிமிஷம் அதிகம் வச்சீங்கன்னு அது காட்டிக் கொடுக்காது.

எங்க ஊரில் ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்து, கல்லணை வழியா வெண்ணாத்தில் முதல் தண்ணி வர்றப்போ போய்ப் பாருங்க. கரை மேலே அருகம்புல் வேர் பிடிச்சு பாய் மாதிரி கிடக்கும். தண்ணி அதை ஒண்ணும் செய்யாது, அடியில் இருக்கற மண்ணைத்தான் குடைஞ்சுக்கிட்டு உள்ளே போகும். ஆத்தின் அடியில் களிமண் பாறையா இருந்தா ஆழம் கூடாது, அகலம்தான் கூடும். ரெண்டு நாள் கழிச்சு அந்தப் புல் மேலே காலை வச்சா ஆளோட உள்ளே போயிடுவோம். உங்க ரெசிஸ்ட் அந்தப் புல்தான்.

---

நீலா_திருவாரூர்

வேகம் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மட்டும்தான் என்று தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. கீர்த்தனா, ரெசிஸ்ட் பூசும் முன் வேஃபரை 150 டிகிரியில் உலர்த்தி, ரெசிஸ்ட் ஒட்டிப் பிடிக்க உதவும் எச்.எம்.டி.எஸ். ஆவி காட்டினீர்களா? ஆக்சைடு மேற்பரப்பு காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் நேராக ரெசிஸ்ட் பூசினால் பிடிமானம் இருக்காது, பி.ஓ.ஈ. ரெசிஸ்ட்டுக்கும் ஆக்சைடுக்கும் இடையில் புகுந்துவிடும். அது சுவர் வழியாகத் தின்பதைவிட வேகமாகப் பரவும். மழைக்காலத்தில் நாங்கள் இதில் ஒரு வாரத்தையே இழந்திருக்கிறோம்.

இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. ரெசிஸ்ட்டை எடுத்துவிட்டு ஆக்சைடின் ஓரத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வேகம் மட்டும் காரணமானால் ஓரம் செங்குத்தாக ஒடுங்கும், நிற வளையங்கள் நெருக்கிக்கொண்டு மெல்லிய கோடாகத் தெரியும், எல்லாத் துளையிலும் ஒரே அளவு. பிடிமானம் போயிருந்தால் ஓரம் நீளச் சரிவாக இருக்கும், நிறங்கள் அகல அகலமான பட்டைகளாக விரியும், இடத்துக்கு இடம் மாறும்.

---

கீர்த்தனா_தஞ்சை

இரண்டு பேருக்கும் நன்றி. லேபில் துண்டு ஒன்றை முக்கி அளந்து சொன்னார்கள். 30 செகண்டில் 140 நானோமீட்டர் போயிருக்கிறது. அதாவது நிமிஷத்துக்கு 280.

எச்.எம்.டி.எஸ். போட்டதாகத்தான் சொல்கிறார்கள். நான் அப்போது பக்கத்தில் இல்லை. பழைய போட்டோக்களில் நடுப்பகுதியில் வளையங்கள் மெல்லிசாகத்தான் இருக்கின்றன. ஆனால் வேஃபரின் ஒரு ஓரத்தில் மட்டும் பட்டை பட்டையாக, ஊதா, நீலம், வெளிர் மஞ்சள் என்று விரிந்திருக்கிறது.

---

வெண்ணாற்றங்கரை

280-ஐ வச்சுக் கணக்கு போடுவோம். 10 நிமிஷத்தில் 2.8 மைக்ரான். துளைக்கு ரெண்டு பக்கமும் 2.8 வீதம் 5.6, அதோட அசல் 3-ஐக் கூட்டினா 8.6. துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 7 மைக்ரான்தான். சுவர் மிச்சமிருக்க வழியே இல்லை. தலைப்பில் 9-னு எழுதினீங்களே, கணக்கும் கிட்டத்தட்ட அதேதான் சொல்லுது.

சரியான நேரம் வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? 0.8-ஐக் கரைக்க 2 நிமிஷம் 50 செகண்ட் வாக்கில், கால் பங்கு கூட்டினா மூணரை நிமிஷம். அப்பவும் பக்கவாட்டில் 1 மைக்ரான் போயிருக்கும். மேல்வாய் 5 மைக்ரான். அடி 3-லேயே நிக்காது, சுவர் வட்ட வளைவா இருக்கறதால 4.2 வாக்கில் வரும். டையோடு வேலை செய்யும். ஆனா 3 மைக்ரான் துளைன்னு சொல்லிக்க முடியாது. மாஸ்க் வரையறப்பவே இதைக் கழிச்சுச் சின்னதா வரைஞ்சிருக்கணும்.

அந்த ஒரு ஓரத்து விஷயத்தில் நீலா சொல்றது சரியா இருக்கலாம். நடுவில் வேகம், ஓரத்தில் பிடிமானம், ரெண்டும் கலந்தே நடக்கும்.

பிரபு, உங்ககிட்ட ஒரு மறுப்பு. மணல் வீசற கதையை மாணவர்களுக்குச் சொல்லாதீங்க. 1979-ல் கோபர்ன், விண்டர்ஸ்னு ரெண்டு பேர் ஐ.பி.எம்.-மில் செஞ்ச சோதனை இருக்கு. சிலிக்கான் மேல XeF2 வாயுவை மட்டும் விட்டாங்க, மெதுவா தின்னது. ஆர்கான் அயனியை மட்டும் பாய்ச்சினாங்க, அதுவும் சொற்பம்தான். ரெண்டையும் சேர்த்து விட்டப்போ, தனித்தனி வேகத்தைக் கூட்டினா வர்றதைவிடப் பல மடங்கு வேகம். இடிச்சுப் பெயர்க்கறதா மட்டும் இருந்தா இது நடக்காது. அயனி விழற இடத்தில் வேதிவினை தூண்டப்படுது. அயனி மேலிருந்து நேரா விழறதால அடியில் தூண்டுது, சுவரில் தூண்டறதில்லை.

ஆக்சைடைத் தின்ன CHF3 வாயுவை பிளாஸ்மாவில் விடறப்போ இன்னொண்ணும் சேரும். கார்பன், ஃபுளோரின் கலந்த பிசின் ஒண்ணு எல்லா இடத்திலும் படியும். அடியில் அயனி விழுந்து அதைத் துடைச்சுக்கிட்டே இருக்கும், சுவரில் அது அப்படியே தங்கிக் காவல் நிக்கும். அழுத்தம் கூடினா அயனி மோதி மோதித் திசை மாறிப் போகும், அப்போ பிளாஸ்மாவிலும் சுவர் குடையும். பிளாஸ்மான்னு பேர் இருக்கறதால மட்டும் நேரா வந்துடாது.

---

மன்னை_பிரபு

1979 சோதனை எனக்குத் தெரியாது. தேடிப் படிக்கிறேன், அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஈர எட்ச் எல்லாப் பக்கமும் தின்னும் என்பதில் மாற்றமில்லையே?

---

ஆடுதுறை_அருள்

மாற்றம் இருக்கிறது அண்ணா. நான் அழுத்த சென்சார் செய்கிறேன். சிலிக்கானைச் சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால் படிகத்தின் ஒரு முகத்தை வேகமாகவும் இன்னொரு முகத்தை மிக மெதுவாகவும் தின்னும். குழியின் சுவர் 54.7 டிகிரி சாய்வில் கத்தியால் சீவியது போல் வரும். தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் மாதிரி. அது சிலிக்கான் ஒழுங்கான படிகமாக இருப்பதால். ஆக்சைடுக்கு அந்த ஒழுங்கு கிடையாது, அதனால் கீர்த்தனா விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியே.

என் கேள்வி வேறு. என் வேஃபரில் அந்தச் சாய்வுச் சுவரில் சின்னச் சின்ன மேடுகள் வருகின்றன. ஹைட்ரஜன் குமிழி ஒட்டிக்கொள்வதாலா?

---

நீலா_திருவாரூர்

அருள், இருக்கலாம். கலக்கி விடுகிறீர்களா, கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதோடு தனி இழை போடுங்கள், பேசுவோம்.

---

கீர்த்தனா_தஞ்சை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டாவது வேஃபரை CHF3 ஆர்.ஐ.ஈ.-யில் போட்டோம். துளை 3.1 மைக்ரான், சுவர் செங்குத்து. லேபில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதன் மேல் 0.5 மைக்ரான் அலுமினியம் எவாப்பரேஷனில் போட்டு, கோடுகள் வெட்டி, அளந்தேன்.

நாற்பது டையோடில் முப்பத்தொன்றில் கரண்டே போகவில்லை. மிச்ச ஒன்பதில் போகிறது, ஆனால் தடை அதிகம். துளை இவ்வளவு நன்றாக வந்தும் ஏன்?

---

வெண்ணாற்றங்கரை

வருத்தப்படாதீங்கமா. துளை நல்லா வந்ததாலதான் இது நடந்தது.

எவாப்பரேஷனில் அலுமினியம் ஒரு சின்ன மூலத்திலிருந்து ஆவியாகி நேர்கோட்டில் வருது. காத்தில்லாத மழை பெய்யறப்போ வீட்டைப் பாருங்க. ஓடு நனையும், வாசல் நனையும், சுவர் காய்ஞ்சே இருக்கும். உங்க துளைக்கு மேலே அலுமினியம் இருக்கு, அடியிலும் இருக்கு. நடுவில் 0.8 மைக்ரான் செங்குத்துச் சுவரில் இல்லை. 0.5 தடிமன் உலோகம் 0.8 படியை இறங்கித் தொட முடியாது. வேஃபரை உடைச்சு குறுக்குவெட்டை எஸ்.ஈ.எம். என்கிற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தா விரிசல் கண்ணுக்கே தெரியும். ஈர எட்சின் வளைஞ்ச சரிவு இருந்திருந்தா அலுமினியம் அதில் இறங்கியிருக்கும்.

முதல் வழி, ஸ்பட்டரிங். அதில் அணுக்கள் பெரிய தட்டிலிருந்து பல கோணத்தில் வரும், காத்தோட அடிக்கற மழை மாதிரி சுவரும் கொஞ்சம் நனையும். தடிமனையும் 1 மைக்ரானாக்குங்க.

ரெண்டாவது, நாங்க வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செஞ்சது. அதே ரெசிஸ்ட்டை வச்சு முதல்ல பி.ஓ.ஈ.-யில் பாதி ஆழம், மீதி பாதியை பிளாஸ்மாவில். உங்க கணக்குக்கு 0.4 மைக்ரான் ஈரத்தில், 280 வேகத்தில் அது 85 செகண்ட். பக்கத்துக்கு 0.4 விரியும், மேல்வாய் 3.8. மிச்ச 0.4-ஐ பிளாஸ்மா நேரா இறக்கும், அடி 3-லேயே நிக்கும். புனல் மாதிரி வடிவம். செங்குத்துப் படி 0.8-லிருந்து 0.4 ஆயிடும். அடுத்த துளைக்கு நடுவிலும் 3.2 மைக்ரான் சுவர் தங்கும்.

இப்போ பெரிய சிப் ஃபேக்டரிகளில் இப்படிச் செய்யறதில்லை. செங்குத்தாத் துளைச்சு, டங்ஸ்டனை வாயுவிலிருந்து வளர்த்து, சுவரிலும் அடியிலும் ஒரே மாதிரி படிய வச்சு நிரப்பிடுவாங்க. உங்க லேபில் அது இருக்காது.

---

நீலா_திருவாரூர்

கரண்ட் பாய்ந்த ஒன்பதில் தடை ஏன் அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். வெண்ணாற்றங்கரை சார் சொன்ன அந்தப் பிசின் துளையின் அடியிலும் மிஞ்சும். ஆக்சைடு தீர்ந்து சிலிக்கான் வந்த பிறகு இன்னும் அதிகமாகவே படியும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரித்தீர்களா? பிறகு நீர்த்த HF-இல் சில செகண்ட் முக்கி, கழுவி உலர்த்தி, நேராக உலோகச் சேம்பருக்குள் ஏற்றினீர்களா? சும்மா வெளியே வைத்திருந்தாலே சிலிக்கான் மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு தானாக வளர்ந்துவிடும்.

---

கீர்த்தனா_தஞ்சை

ஆக்சிஜன் பிளாஸ்மா காட்டினோம். HF-இல் முக்கினோம். ஆனால் அன்று எவாப்பரேட்டரில் வேறு ஒருவர் வேலை நடந்துகொண்டிருந்ததால் வேஃபர் ராத்திரி முழுக்க டப்பாவில் இருந்தது. காலையில் மறுபடி முக்காமல் ஏற்றிவிட்டேன்.

---

வெண்ணாற்றங்கரை

அதுவா இருக்கலாம். ஆனா அலுமினியத்தை 400, 450 டிகிரி வாக்கில் அரைமணி நேரம் சூடுபடுத்தினா அது அந்த மெல்லிய ஆக்சைடைக் குடிச்சிடும், தடை இறங்கும். அப்படிச் சூடுபடுத்தினீங்களா? செஞ்சும் இறங்கலைன்னா நான் பிசின் பக்கம்தான் சந்தேகப்படுவேன்.

---

நீலா_திருவாரூர்

எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை சார். சுவரில் அலுமினியம் நூலாகத் தொங்கிக்கொண்டு தொட்டிருந்தாலும் இதே தடைதான் காட்டும். துளையின் அடியைக் குறை சொல்லும் முன் அந்த ஒன்பதில் ஒன்றையாவது உடைத்துக் குறுக்குவெட்டு பார்க்க வேண்டும்.

---

கீர்த்தனா_தஞ்சை

சூடுபடுத்தவில்லை. இரண்டையும் செய்கிறேன். நான்கை உடைத்து எஸ்.ஈ.எம்.-முக்குக் கொடுக்கிறேன், ஐந்தை 425 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து மறுபடி அளக்கிறேன். கடைசி வேஃபர் புனல் முறையில். இந்த முறை மாஸ்க் ஓரத்தில் 200 மைக்ரான் சதுரத்தில் ஒரு பெரிய ஜன்னலும் சேர்த்திருக்கிறேன், 85 செகண்ட் முடிந்ததும் அதில் ஆழத்தை அளந்துவிட்டுத்தான் பிளாஸ்மாவுக்குள் போகும். பெங்களூரு பஸ் வெள்ளிக்கிழமை ராத்திரி.

---

குடந்தை_சர்க்யூட்

போயிட்டு வா தங்கச்சி. போட்டோ இங்கேயே போடு, அந்தப் புனல் வடிவத்தை நானும் பார்க்கணும்.